பூஜ்ஜியத்தை எங்கே வைப்பது?

பள்ளி விடுமுறைகளில் எங்கள் ஊர் ரேடியோக் கடையில் உதவிக்கு இருந்தேன். ஒருநாள் ஓடாத டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்றை அண்ணாச்சி என் கையில் கொடுத்தார். நான்கு பென்சில் செல்லில், அதாவது 6 வோல்ட்டில் ஓடும் பழைய செட். பின்மூடியின் உட்புறத்தில் சர்க்யூட் படம் ஒட்டியிருந்தது. டிரான்சிஸ்டர்களின் ஒவ்வொரு காலிலும் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்று படத்தில் அச்சிட்டிருந்தார்கள். ஒரு டிரான்சிஸ்டருக்கு எமிட்டரில் −1.0, பேஸில் −1.2, கலெக்டரில் −5.0.

மல்டிமீட்டரின் கருப்பு முனையைப் பேட்டரியின் மைனஸில் மாட்டிவிட்டு, சிவப்பு முனையால் ஒவ்வொரு காலாகத் தொட்டுப் பார்த்தேன். எமிட்டரில் +5.0. பேஸில் +4.8. கலெக்டரில் +1.0. மூன்றில் ஒன்றுகூடப் படத்தோடு ஒத்துப்போகவில்லை. டிரான்சிஸ்டர் போய்விட்டது என்று முடிவுகட்டி, சால்டரிங் அயர்னைச் சூடேற்றினேன்.

அண்ணாச்சி மீட்டரைப் பார்த்தார். "கருப்ப எங்க மாட்டிருக்க தம்பி?"

"பேட்டரி மைனஸ்ல அண்ணாச்சி."

"எடுத்து பிளஸ்ல மாட்டிப் பாரு."

மாட்டினேன். −1.0, −1.2, −5.0. படத்தில் இருந்ததே மீட்டரிலும் வந்தது. டிரான்சிஸ்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. இயர்போன் செருகும் துளைக்குள் இருந்த தகடு கறுத்துப்போய், ஸ்பீக்கருக்குப் போகும் வழி அறுந்திருந்தது. அதுதான் பழுது.

ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் காலத்து ரேடியோக்கள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ் முனையையே கிரவுண்டாக வைத்திருந்தார்கள். படத்தில் எல்லா எண்ணும் மைனஸில் இருந்ததற்குக் காரணம் அதுதான். நானோ மைனஸ் முனைதான் எப்போதும் பூஜ்ஜியம் என்று எண்ணியிருந்தேன். இரண்டு அளவீடுகளையும் இப்போது பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படத்தின்படி எமிட்டர் −1.0, பேஸ் −1.2. பேஸ், எமிட்டரைவிட 0.2 வோல்ட் கீழே. என் முதல் அளவீட்டில் எமிட்டர் 5.0, பேஸ் 4.8. அதிலும் பேஸ் 0.2 வோல்ட் கீழேதான். டிரான்சிஸ்டரை வேலை செய்ய வைப்பது அந்த 0.2 வோல்ட் இடைவெளி. கருப்பு முனையை நான் எங்கே மாட்டினேன் என்பது அதற்குத் தெரியாது.

மலை ரயில் சொல்லும் கணக்கு

ரயில் நிலையப் பெயர்ப்பலகைகளில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீலகிரி மலை ரயில் சுமார் 326 மீட்டர் உயரத்தில் மேட்டுப்பாளையத்தில் கிளம்பி, 2,203 மீட்டர் உயரத்தில் உதகமண்டலத்தை அடைகிறது. இரண்டுக்கும் இடையே ஏற்றம் 1,877 மீட்டர்.

நாளைக்கே ஒருவர், "கடலை விடுங்கள், மேட்டுப்பாளையம் பிளாட்பாரத்தைப் பூஜ்ஜியமாக வைத்துக்கொள்வோம்" என்று பலகைகளை மாற்றி எழுதினால் மேட்டுப்பாளையம் 0, உதகை 1,877 ஆகிவிடும். உதகையைப் பூஜ்ஜியம் என்றால் மேட்டுப்பாளையம் −1,877. கடலோர ஊர்கள் இன்னும் ஆழமான மைனஸுக்குப் போகும். பலகையில் உள்ள எண்கள் எல்லாம் மாறிவிட்டன. ஆனால் ரயில் ஏற வேண்டிய ஏற்றம் அதே 1,877 மீட்டர். எஞ்சின் ஏற்ற வேண்டிய பளுவும் அதேதான்.

மின்னழுத்தமும் இதே இனத்தைச் சேர்ந்தது. "இந்த இடத்தில் 5 வோல்ட்" என்று சொல்லும்போது பாதி வாக்கியத்தைத்தான் சொல்கிறோம். எந்த இடத்தோடு ஒப்பிட்டு 5 வோல்ட் என்பது மீதிப் பாதி. சர்க்யூட் படத்தில் கிரவுண்ட் குறியைப் போடும்போது அந்த மீதிப் பாதியை ஒரே தடவையில் எல்லா இடத்துக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். "இனி எல்லா எண்ணும் இங்கிருந்து அளந்தது" என்பதுதான் அந்தக் குறியின் பொருள். அதற்கு மேல் அதில் வேறு மாயம் இல்லை.

மூன்று ரெசிஸ்டர், நான்கு சந்திப்பு

இதைக் கையால் செய்து பார்த்துவிடலாம். நான்கு பென்சில் செல்லை வரிசையாகப் போட்டால் 6 வோல்ட். அதோடு மூன்று ரெசிஸ்டர்கள் வேண்டும்: 1 கிலோஓம் (பழுப்பு, கருப்பு, சிவப்பு), 2 கிலோஓம் (சிவப்பு, கருப்பு, சிவப்பு), 3 கிலோஓம் (ஆரஞ்சு, கருப்பு, சிவப்பு). இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, இரு முனைகளையும் பேட்டரியில் இணைக்க வேண்டும்.

பேட்டரியின் பிளஸும் 1 கிலோஓமும் சேரும் இடத்துக்கு ஏ என்று பெயர் வைப்போம். 1 கிலோஓமும் 2 கிலோஓமும் சேரும் இடம் பி. 2 கிலோஓமும் 3 கிலோஓமும் சேரும் இடம் சி. 3 கிலோஓமும் பேட்டரியின் மைனஸும் சேரும் இடம் டி. இப்படி உறுப்புகள் சேரும் இடத்தைக் கணு என்பார்கள்.

மொத்தத் தடை 6 கிலோஓம், பேட்டரி 6 வோல்ட். ஆகவே 1 மில்லிஆம்பியர் மின்னோட்டம் மூன்று ரெசிஸ்டரிலும் ஓடும். 1 கிலோஓமில் 1 வோல்ட், 2 கிலோஓமில் 2 வோல்ட், 3 கிலோஓமில் 3 வோல்ட் என்று பேட்டரியின் 6 வோல்ட் பங்கு பிரிந்துவிடும்.

இப்போது கருப்பு முனையை டி-யில் மாட்டி நான்கு கணுக்களையும் அளக்க வேண்டும். பிறகு சி-யில் மாட்டி அளக்க வேண்டும். கடைசியாக ஏ-யில் மாட்டி அளக்க வேண்டும். கிடைப்பது இது (எல்லாம் வோல்ட்டில்):

| கணு | கிரவுண்ட் டி | கிரவுண்ட் சி | கிரவுண்ட் ஏ |
|---|---|---|---|
| ஏ | 6 | 3 | 0 |
| பி | 5 | 2 | −1 |
| சி | 3 | 0 | −3 |
| டி | 0 | −3 | −6 |

ஒரு நெடுவரிசையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது எல்லா எண்ணும் ஒரே அளவு குறைகிறது. கிரவுண்டை டி-யிலிருந்து சி-க்கு மாற்றியபோது நான்கிலும் 3 குறைந்தது. ஏன் 3? சி-யின் பழைய மதிப்பு 3. அதைப் பூஜ்ஜியமாக்க 3-ஐக் கழிக்க வேண்டும், கழித்தால் எல்லாவற்றிலும் கழிக்க வேண்டும். கிரவுண்டை நகர்த்துவதற்கான கணக்கு முழுவதும் இவ்வளவுதான்: புதிதாக எந்தக் கணுவைத் தேர்ந்தெடுக்கிறோமோ, அதன் பழைய மதிப்பை எல்லாக் கணுவிலிருந்தும் கழித்துவிடுங்கள்.

வீட்டில் செய்து பார்ப்பவருக்கு எண்கள் இவ்வளவு கச்சிதமாக வராது. புது செல்கள் 6 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். ரெசிஸ்டர்களும் எழுதியிருக்கும் மதிப்பிலிருந்து ஐந்து சதவீதம்வரை விலகியிருக்கலாம். ஆனாலும் ஏ-க்கும் பி-க்கும் உள்ள இடைவெளி மூன்று அளவீட்டிலும் ஒன்றாகவே இருக்கும். அதைத்தான் கவனிக்க வேண்டும்.

மின்னோட்டம் ஏன் அசையவில்லை

ரெசிஸ்டர் ஒன்றில் எவ்வளவு மின்னோட்டம் ஓடும் என்பதை ஓம் விதி சொல்கிறது. ஒரு முனையின் வோல்ட்டிலிருந்து மறுமுனையின் வோல்ட்டைக் கழித்து, தடையால் வகுக்க வேண்டும். கழித்தல் என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டு முனையிலும் ஒரே அளவு கூட்டினாலும் குறைத்தாலும் கழிக்கும்போது அது தானாகவே அடிபட்டுப்போகும்.

பி கணுவை எடுத்துக்கொள்வோம். 1845-இல் குஸ்டாவ் கிர்காஃப் மாணவராக இருந்தபோது வகுத்த விதி, ஒரு கணுவுக்குள் வரும் மின்னோட்டமும் வெளியேறும் மின்னோட்டமும் சமமாக இருக்க வேண்டும் என்கிறது. பி கணுவுக்கு அதை எழுதினால்:

(V_B − V_A)/1000 + (V_B − V_C)/2000 = 0

கிரவுண்ட் டி-யில் இருந்தபோது பி 5, ஏ 6, சி 3. முதல் பகுதி −1 மில்லிஆம்பியர், இரண்டாம் பகுதி +1 மில்லிஆம்பியர். கூட்டினால் பூஜ்ஜியம். கிரவுண்ட் சி-க்குப் போனபோது பி 2, ஏ 3, சி 0. மறுபடியும் −1, +1. கிரவுண்ட் ஏ-யில் இருந்தபோது பி −1, ஏ 0, சி −3. மறுபடியும் அதே −1, +1. சமன்பாட்டில் எந்த கணுவின் வோல்ட்டும் தனியாக நிற்கவில்லை. எல்லாமே ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்த நிலையில்தான் நிற்கின்றன.

மின்னோட்டம் மாறவில்லை என்றால் வெப்பமும் மாறாது. 3 கிலோஓம் ரெசிஸ்டரில் 3 வோல்ட், 1 மில்லிஆம்பியர். ஆகவே 3 மில்லிவாட். படத்தில் கிரவுண்ட் குறி எங்கே இருந்தாலும் அது அதே 3 மில்லிவாட்தான். பேட்டரி தீரும் வேகமும் அதேதான்.

அப்படியானால் கிரவுண்ட் குறியே இல்லாமல் கணக்குப் போட முடியாதா என்று கேட்கலாம். நான்கு பிள்ளைகளைப் பற்றி ஒரு விடுகதை போடுவதாக வைத்துக்கொள்வோம். மூத்தவன் இரண்டாமவனைவிட ஒரு வயது பெரியவன். இரண்டாமவன் மூன்றாமவனைவிட இரண்டு வயது பெரியவன். மூன்றாமவன் கடைக்குட்டியைவிட மூன்று வயது பெரியவன். நால்வரின் வயது என்ன? விடை சொல்ல முடியாது. இடைவெளிகள் எல்லாம் தெரியும், வயது ஒன்றுகூடத் தெரியாது. கடைக்குட்டிக்கு நான்கு வயது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நால்வரின் வயதும் வந்துவிடும். சர்க்யூட்டும் நமக்கு இடைவெளிகளை மட்டுமே தருகிறது. ஒரு கணுவின் மதிப்பை நாமாகச் சொன்னால்தான் மற்றவற்றுக்கு எண் கிடைக்கும். கடைக்குட்டி பிறந்த தேதி உலகத்தில் உண்மையாகவே இருக்கிறது, நமக்குத்தான் தெரியாது. கணுவின் வோல்ட்டுக்கோ அப்படி மறைந்திருக்கும் உண்மை மதிப்பு எதுவும் இல்லை. ஆகவே நமக்கு வசதியான கணுவைப் பூஜ்ஜியம் என்று சொல்லிவிடுகிறோம்.

கம்ப்யூட்டரில் சர்க்யூட்டைக் கணக்கிட்டுப் பார்ப்பவர்களுக்கு இந்தக் கட்டாயம் நேரடியாகவே தெரியும். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் லாரன்ஸ் நேகல், டொனால்ட் பீடர்சன் ஆகியோர் உருவாக்கி 1973-இல் வெளியிட்ட ஸ்பைஸ் என்ற நிரல்தான் இன்றைய பல மென்பொருட்களுக்கு மூலம். அதில் ஏதாவது ஒரு கணுவுக்கு `0` என்று பெயர் வைத்தாக வேண்டும். நம் சர்க்யூட்டை, டி-யைக் கிரவுண்டாக வைத்து இப்படி எழுதலாம்:

```
three resistors
V1 a 0 6
R1 a b 1k
R2 b c 2k
R3 c 0 3k
.op
.end
```

சி-யைக் கிரவுண்டாக்க வேண்டுமானால் `c` இருக்கும் இடத்தில் `0` என்றும், பழைய `0` இருக்கும் இடத்தில் `d` என்றும் எழுத வேண்டும்:

```
three resistors
V1 a d 6
R1 a b 1k
R2 b 0 2k
R3 0 d 3k
.op
.end
```

முதலாவதில் `v(a)` 6 என்று வரும், இரண்டாவதில் 3 என்று வரும். பேட்டரி வழியே ஓடும் `i(v1)` இரண்டிலும் −1 மில்லிஆம்பியர். பேட்டரியின் பிளஸ் முனைக்குள் நுழையும் மின்னோட்டத்தை ஸ்பைஸ் பிளஸாகக் கணக்கிடுகிறது. நம் பேட்டரியில் மின்னோட்டம் அங்கிருந்து வெளியேறுவதால் மைனஸ் விழுகிறது. `0` என்ற பெயரை எந்தக் கணுவுக்கும் வைக்காமல் விட்டால் இத்தகைய மென்பொருட்கள் கணக்குப் போட மறுக்கும். சிலவற்றில் `singular matrix` என்று பிழை வரும். வயது விடுகதையைத் தீர்க்க முடியாது என்பதை அது கணித மொழியில் சொல்கிறது.

நகர்த்துவது வேறு, இரண்டாவதாகப் போடுவது வேறு

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். கிரவுண்டை எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம் என்றால், எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் வைக்கலாம் என்று பொருள் இல்லை. படத்தில் ஒரே கிரவுண்ட் குறி பத்து இடத்தில் தெரிந்தால், அந்தப் பத்து இடமும் ஒரே கம்பியால் சேர்ந்திருக்கின்றன என்று படிக்க வேண்டும். படத்தில் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடாதிருக்கச் செய்த வசதி அது.

நம் சர்க்யூட்டில் டி-யில் இருக்கும் குறியை அழிக்காமல், சி-யிலும் ஒரு குறியைப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? சி-யும் டி-யும் கம்பியால் சேர்ந்துவிட்டன. 3 கிலோஓம் ரெசிஸ்டரின் இரு முனையும் ஒன்றாகிவிட்டதால் அதில் மின்னோட்டமே ஓடாது. மிச்சம் இருப்பது 1 கிலோஓமும் 2 கிலோஓமும் மட்டும். 6 வோல்ட்டை 3 கிலோஓமால் வகுத்தால் 2 மில்லிஆம்பியர். மின்னோட்டம் இரட்டிப்பாகிவிட்டது. பி இப்போது 4 வோல்ட். இது கிரவுண்டை நகர்த்தியது ஆகாது. சர்க்யூட்டையே மாற்றியது.

இரண்டையும் பிரித்தறிய நல்ல சோதனை ஒன்று உண்டு. நீங்கள் கிரவுண்டில் இணைக்கப்போகும் கம்பியின் நடுவே மில்லிஆம்பியர் மீட்டரை வைத்துப் பாருங்கள். பேட்டரியில் ஓடும் சர்க்யூட்டின் ஒரே ஒரு இடத்தை மட்டும் பூமியோடு இணைத்தால் மீட்டர் பூஜ்ஜியம் காட்டும். கம்பி இருக்கிறது, அதன் மறுமுனையில் பூமியே இருக்கிறது, ஆனாலும் அதில் எதுவும் ஓடாது. போன மின்னோட்டம் திரும்பி வர இன்னொரு வழி வேண்டும், அந்த வழி இல்லை. இரண்டாவது இடத்தையும் பூமியோடு இணைத்த கணத்தில் திரும்பும் வழி கிடைத்துவிடும். நம் உதாரணத்தில் அந்த 2 மில்லிஆம்பியரும் 3 கிலோஓமைத் தொடாமல் கம்பி வழியே ஓடும். மீட்டர் பூஜ்ஜியம் காட்டினால் நீங்கள் பூஜ்ஜியத்துக்கு இடம் மட்டும் குறித்திருக்கிறீர்கள். மீட்டர் அசைந்தால் சர்க்யூட்டை மாற்றியிருக்கிறீர்கள்.

கிரவுண்ட் குறியைப் பார்த்ததும் மின்னோட்டம் அதற்குள் வடிந்து மறைந்துவிடுகிறது என்று நினைப்பவர்களுக்கும் இந்தச் சோதனைதான் பதில். பேட்டரியிலிருந்து கிளம்பிய மின்னோட்டம் முழுவதும் பேட்டரிக்கே திரும்புகிறது. அது வடிந்து போவதற்கான சாக்கடை எங்கும் இல்லை.

கருப்புக் கிளிப்பின் ஆபத்து

மல்டிமீட்டரில் பழகிய கை, ஆசிலோஸ்கோப்புக்கு வரும்போது இந்த வேறுபாடு விளையாட்டாக இருக்காது. பேட்டரியில் ஓடும் கைமீட்டரின் கருப்பு முனை எதோடும் ஒட்டாதது. அதை எந்தக் கணுவில் மாட்டினாலும் சர்க்யூட்டுக்குக் கவலையில்லை. கரண்டில் ஓடும் சாதாரண ஆசிலோஸ்கோப் அப்படியில்லை. அதன் கருப்புக் கிளிப் உள்ளே உலோகப் பெட்டியோடும், அங்கிருந்து மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளோடும், அங்கிருந்து சுவருக்குள் ஓடும் எர்த் கம்பியோடும் இணைந்திருக்கிறது. அந்தக் கிளிப்பை ஒரு கணுவில் மாட்டினால் அந்தக் கணுவை நிஜமாகவே பூமியோடு இணைத்துவிட்டீர்கள்.

சர்க்யூட் பேட்டரியில் ஓடினால் இதுதான் முதல் இணைப்பு, ஒன்றும் ஆகாது. சர்க்யூட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளையின் மைனஸ் ஏற்கெனவே எர்த்தில் இருந்தால் இது இரண்டாவது இணைப்பு. அப்போது நம் சி-டி கதைதான். 3 கிலோஓமில் நடந்தால் எண்கள் தவறாக வருவதோடு போய்விடும். 230 வோல்ட் கரண்டை நேரடியாக டையோடுகளால் திருத்திப் பயன்படுத்தும் பவர் சப்ளையின் முதல் பகுதியில் நடந்தால் பொறி பறக்கும், டையோடு வெடிக்கும், கிளிப்பின் நுனி உருகும். ஏனென்றால் நம் வீடுகளுக்கு வரும் கரண்டின் நியூட்ரல், டிரான்ஸ்ஃபார்மரிலேயே பூமியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. முதல் எர்த் இணைப்பு அங்கே ஏற்கெனவே போடப்பட்டாகிவிட்டது.

உங்கள் ஆசிலோஸ்கோப் எந்த வகை என்று தெரிந்துகொள்ள, பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, கருப்புக் கிளிப்புக்கும் பிளக்கின் எர்த் முள்ளுக்கும் இடையே மல்டிமீட்டரின் பஸ்ஸரை வைத்துப் பாருங்கள். சத்தம் வந்தால் கிளிப் எர்த்தில் இருக்கிறது. இதைத் தவிர்க்க எர்த் முள்ளை ஒடித்துவிடுபவர்கள் உண்டு. அதைச் செய்யவே கூடாது. கிளிப்பை மாட்டிய கணுவில் என்ன வோல்ட் இருக்கிறதோ அது முழுவதும் ஆசிலோஸ்கோப்பின் உலோகப் பெட்டிக்கு வந்துவிடும், தொட்டவருக்கு உயிர் போகலாம். இரண்டு ப்ரோப்களை இரண்டு கணுவிலும் வைத்து, கருப்புக் கிளிப்புகளைச் சர்க்யூட்டில் மாட்டாமல், ஒன்றிலிருந்து இன்னொன்றைத் திரையிலேயே கழித்துப் பார்ப்பது நல்ல வழி. அளக்கும் வோல்ட்டைத் தாங்கும் ப்ரோப்களாக அவை இருக்க வேண்டும். நாம் தேடுவதே இடைவெளிதான் என்பதால் அந்தக் கழித்தல் போதும்.

தொலைபேசி நிலையத்தின் மைனஸ் 48

கிரவுண்ட் எங்கே இருந்தாலும் ஒன்றுதான் என்ற விதிக்கு எல்லை எங்கே என்பதைத் தொலைபேசி நிலையங்கள் காட்டுகின்றன. கம்பி வழித் தொலைபேசிக்கு நிலையத்திலிருந்து வரும் மின்சாரம் 48 வோல்ட். 2 வோல்ட் ஈய அமில செல்கள் 24-ஐ வரிசையாகச் சேர்த்த பேட்டரி அதைக் கொடுக்கிறது. அந்தப் பேட்டரியின் பிளஸ் முனையை நிலையத்தில் பூமியோடு இணைத்துவிடுவது வழக்கம். ஆகவே பொறியாளர்கள் அதை மைனஸ் 48 வோல்ட் என்று சொல்கிறார்கள்.

தொலைபேசியைப் பொறுத்தவரை பிளஸ்ஸைப் பூமியில் வைத்தாலும் மைனஸை வைத்தாலும் வேறுபாடு இல்லை. அதன் இரு கம்பிகளுக்கும் இடையே அதே 48 வோல்ட், அதே மின்னோட்டம். பிறகு ஏன் பிளஸ்ஸையே தேர்ந்தெடுத்தார்கள்? காரணம் தரைக்கு அடியில் இருக்கிறது. பல கிலோமீட்டர் தூரம் ஈரமண்ணில் புதைந்து கிடக்கும் செப்புக் கம்பியின் உறையில் எங்காவது விரிசல் விழும். அங்கே மண் வழியாகச் சிறு கசிவு ஓடும். கம்பி மண்ணைவிட பிளஸாக இருந்தால் அந்த இடத்தில் செம்பு கரைந்து மண்ணுக்குள் போய்க்கொண்டே இருக்கும். ஒருநாள் கம்பி அறுந்துவிடும். கம்பி மைனஸாக இருந்தால் செம்பு கரையாது. அரிப்பு, நிலையத்தில் மண்ணில் புதைத்திருக்கும் பெரிய எர்த் உலோகத்தின் பக்கம் போய்விடும். அதைத் தேடிப் பிடித்து மாற்றுவது எளிது.

இதைப் பார்த்து விதி பொய்த்துவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை. ஈரமண் இங்கே கசிவை ஓட்டும் ஒரு மின்தடையாகிவிட்டது. படத்தில் யாரும் வரையாத ரெசிஸ்டர் அது. பிளஸ்ஸைப் பூமியில் இணைத்த கம்பி அந்த ரெசிஸ்டரின் ஒரு முனைக்குப் போகிறது, உறையின் விரிசல் மறுமுனைக்கு. அதாவது இரண்டாவது இணைப்பு ஏற்கெனவே இருக்கிறது. மண்ணையும் ஒரு உறுப்பாகப் படத்தில் வரைந்துவிட்டால் கணக்கு மறுபடி சரியாகிவிடும். அந்தப் படத்தில் பூஜ்ஜியத்தை எந்தக் கணுவுக்கு வேண்டுமானாலும் மாற்றலாம், ஒரு மின்னோட்டமும் மாறாது. நிஜக் கம்பியைப் பிடுங்கி வேறு இடத்தில் புதைத்தால்தான் மாறும்.

ஆகவே சர்க்யூட் படத்தைப் பார்க்கும்போது குறியையும் கவனியுங்கள். கீழே போகப் போகக் குறுகும் மூன்று கோடுகள் பூமியோடு இணைந்ததைக் குறிக்க ஏற்பட்டவை. தலைகீழ் முக்கோணம் சர்க்யூட்டின் பொதுப் பூஜ்ஜியம். கோட்டின் அடியில் சாய்கோடுகள் இருந்தால் உலோகப் பெட்டி. வரைபவர்கள் எல்லோரும் இந்த வேறுபாட்டைப் பின்பற்றுவதில்லை; மூன்று கோட்டுக் குறியைப் பொதுப் பூஜ்ஜியத்துக்கே போட்டுவிடுவதும் உண்டு. குறி மட்டும் போதாது. அங்கிருந்து நிஜக் கம்பி ஒன்று பூமிக்குப் போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஒரு சர்க்யூட்டில் எண்கள் படத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் எந்த உறுப்பையும் கழற்றுவதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். என் கருப்பு முனை எங்கே மாட்டியிருக்கிறது? படம் போட்டவர் கருப்பு முனையை எங்கே மாட்டியிருந்தார்? இரண்டும் வெவ்வேறு கணுக்களாக இருந்தால், எல்லா எண்ணும் ஒரே அளவு தள்ளியிருக்கிறதா என்று கழித்துப் பாருங்கள். ஒரே அளவு என்றால் சர்க்யூட் நன்றாக இருக்கிறது. சால்டரிங் அயர்னை அணைத்துவிடலாம். ஒரு கணு மட்டும் கணக்குக்கு வராமல் தனியாக விலகி நின்றால், பழுதை அங்கே தேடத் தொடங்குங்கள்.